ஆங்கிலம் மட்டும் இடிக்கிறதா? ஐபிபிஎஸ் கிளார்க் பிரிலிம்ஸில் செக்ஷன் கட்-ஆஃபைத் தாண்டும் வழி

கணக்கும் ரீசனிங்கும் நன்றாக வரும், ஆங்கிலத்தில் மட்டும் செக்ஷன் கட்-ஆஃப் தட்டிவிடும் என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருக்கும் தேர்வு ஐபிபிஎஸ் கிளார்க் பிரிலிம்ஸ். இப்போது அந்தப் பதவிக்கு கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்று பெயர், ஆனால் படிப்பவர்கள் வாயில் இன்னும் கிளார்க்தான்.

நானும் இதில் விழுந்தவன். ஒரு வங்கித் தேர்வில் மொத்த மதிப்பெண்ணில் கட்-ஆஃபைவிட 9 கூடுதலாக எடுத்துவிட்டு, ஆங்கிலத்தில் 0.75 குறைந்து வெளியே வந்தேன். அடுத்த முறை ஆங்கிலத்தைத் தூக்குகிறேன் என்று நான்கு மாதம் அதையே பிடித்துத் தொங்கியதில் ஆங்கிலம் தேறியது, கணக்கு சரிந்தது. அதற்கப்புறம்தான் இதை ஒரு வரிசையில் செய்ய வேண்டும் என்று புரிந்தது. அந்த வரிசைதான் கீழே இருக்கிறது. கூடவே, போன முறை எங்கள் படிப்புக் குழுவில் இருந்த ஒரு தம்பியின் எண்களையும் கடைசி வரை கொண்டுபோகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தேர்வுக்கு முன் குறைந்தது ஆறு வாரம் வேண்டும். இதுவரை எழுதாத முழு மாக் தேர்வுகள் பதினைந்தாவது இருக்கட்டும். முன்பு பிரிலிம்ஸ் எழுதியிருந்தால் அந்த ஸ்கோர் கார்டு வேண்டும். ஒரு நோட்டும் பேனாவும் போதும், ஆப் எதுவும் தேவையில்லை. மாக் தளங்கள் தரும் அலசல் பக்கத்தில் நமக்கு வேண்டிய ஒரு தகவல் மட்டும் இருக்காது. எந்தக் கேள்வியைத் தெரிந்து போட்டோம், எதைத் தோராயமாகப் போட்டோம் என்பதுதான் அது.

1. அறிவிப்பில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்

முதல் விஷயம், இந்தத் தேர்வில் செக்ஷன் கட்-ஆஃப் உண்டா? ஐபிபிஎஸ் கிளார்க் பிரிலிம்ஸில் உண்டு. எஸ்பிஐ கிளார்க் பிரிலிம்ஸில் கிடையாது, மொத்தம் மட்டும்தான். அங்கே ஆங்கிலத்தில் 5 எடுத்தாலும் மற்ற இரண்டையும் வைத்து ஈடுகட்டிவிடலாம். இரண்டு தேர்வுக்கும் ஒரே திட்டத்தை வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே தவறுகிறார்கள்.

இரண்டாவது, நேரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது? பிரிலிம்ஸில் ஆங்கிலம் 30 கேள்வி, கணக்கு 35, ரீசனிங் 35. ஆளுக்கு 20 நிமிடம். ஒரு செக்ஷனில் மிச்சம் பிடித்த நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே தேர்வு அறையில் ஆங்கிலம் மற்ற இரண்டின் நேரத்தைத் தின்னாது. அது தின்பது வீட்டில், படிக்கும் நேரத்தில்.

மூன்றாவது, இந்த மதிப்பெண் இறுதிப் பட்டியலில் சேருமா? கிளார்க் பிரிலிம்ஸ் மதிப்பெண் சேராது. மெயின்ஸுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்வதோடு அதன் வேலை முடிந்தது. அதனால் ஆங்கிலத்தில் கோட்டைச் சற்றே தாண்டினால் போதும், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணும் மொத்தக் கட்-ஆஃபுக்கு மட்டுமே உதவும். அந்த மதிப்பெண்ணைக் கணக்கிலும் ரீசனிங்கிலும் எடுப்பது நமக்குச் சுலபம்.

2. இலக்கு எண்ணை எழுதுங்கள்

கட்-ஆஃப் தேர்வுக்குப் பிறகுதான் தெரியும். முன்கூட்டியே செய்யக்கூடியது ஒன்றுதான்: உங்கள் பிரிவுக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஆங்கிலக் கட்-ஆஃப் என்ன என்று, முன்பு எழுதியவர்களின் ஸ்கோர் கார்டில் பார்ப்பது. ஒவ்வொரு செக்ஷனிலும் எடுத்த மதிப்பெண்ணும் அதற்கான கட்-ஆஃபும் அதில் அச்சாகியிருக்கும். யூட்யூபில் சொல்லும் 'எதிர்பார்க்கப்படும் கட்-ஆஃப்' வேண்டாம்.

மூன்றில் அதிகமானதை எடுத்து, அதோடு 3 கூட்டுங்கள். இந்த 3 என் சொந்தக் கணக்கு, காரணம் இரண்டு. தேர்வு பல ஷிஃப்டுகளில் நடப்பதால் மதிப்பெண்ணைச் சமப்படுத்துகிறார்கள். நீங்கள் எடுத்த 11 ஸ்கோர் கார்டில் 10.25 ஆகவும் வரலாம், 12 ஆகவும் வரலாம். இன்னொன்று, வீட்டில் எழுதும் மாக்கில் எடுப்பதை அறையில் அப்படியே எடுப்பவர்கள் குறைவு.

ஏன் 3-க்கு மேல் வைக்கக் கூடாது? இலக்கு 13 என்றால் பதினாறு, பதினேழு கேள்விகளை நிதானமாகப் போட்டால் போதும். 20 என்று வைத்தால் இருபத்துமூன்று கேள்வியாவது தொட வேண்டும், அதற்காகத் தெரியாத வகைகளிலும் கைவைக்க வேண்டும். மைனஸ் அங்கிருந்துதான் வருகிறது.

தம்பியின் விஷயத்தில் அதிகமான கட்-ஆஃப் 10 என்று வைத்துக்கொண்டோம். இலக்கு 13. இது உதாரணத்துக்காக எடுத்துக்கொண்ட எண், உங்களுடையதை நீங்கள்தான் பார்த்து எழுத வேண்டும்.

3. ஐந்து மாக் எழுதுங்கள், எதையும் மாற்றாமல்

பலரும் நேராகப் படிக்கப் போய்விடுகிறார்கள். ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம், நாளிதழ், தினம் ஐம்பது வார்த்தை. இவை எல்லாம் நல்லவைதான், ஆனால் ஆறு வாரத்தில் இவை எதுவும் கேள்வித்தாளில் மதிப்பெண்ணாக வந்து விழாது. முதலில் மதிப்பெண் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும்.

ஐந்து முழு மாக், வழக்கம்போல எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு கேள்வியைப் போடும்போதும் தாளில் கேள்வி எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு குறி இடுங்கள். நிச்சயம் தெரிந்தால் டிக். இல்லாவிட்டால் கேள்விக்குறி. விடையைப் பார்த்தபின் இந்தக் குறியை மாற்றக் கூடாது. 'இது எனக்குத் தெரியுமே, அவசரத்தில் விட்டுவிட்டேன்' என்று நாமே நமக்குச் சொல்லிக்கொள்வதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

பிறகு வகைவாரியாகக் கூட்டுங்கள். தம்பியின் ஐந்து மாக்குகளின் கூட்டுத்தொகை இது:

| வகை | வந்தவை | போட்டவை | சரி | தவறு | நிகர மதிப்பெண் | நிமிடம் |
|---|---|---|---|---|---|---|
| ரீடிங் காம்ப்ரிஹென்ஷன் | 45 | 30 | 14 | 16 | 10 | 45 |
| குளோஸ் டெஸ்ட் | 30 | 20 | 12 | 8 | 10 | 15 |
| எர்ரர் ஸ்பாட்டிங் | 25 | 20 | 6 | 14 | 2.5 | 20 |
| வேர்ட் ஸ்வாப் | 25 | 5 | 4 | 1 | 3.75 | 5 |
| பாரா ஜம்பிள் | 25 | 15 | 6 | 9 | 3.75 | 15 |

மொத்தம் 90 கேள்வி போட்டு 42 சரி, 48 தவறு. தவறுக்கு கால் மதிப்பெண் வீதம் 12 போக, நிகரம் 30. ஒரு மாக்குக்கு 6.

இப்போது டிக், கேள்விக்குறிகளைப் பிரித்தோம். டிக் போட்டவை 40, அதில் 30 சரி. கேள்விக்குறி போட்டவை 50, அதில் 12 மட்டும் சரி. அந்த 12-லிருந்து 38 தவறுகளின் மைனஸைக் கழித்தால் மிஞ்சியது 2.5. அதாவது ஒரு தேர்வில் பத்துக் கேள்விகளுக்கு மண்டையை உடைத்து அவர் சம்பாதித்தது அரை மதிப்பெண். கண்ணை மூடிக்கொண்டு போட்டாலே ஐந்தில் ஒன்று சரியாக வரும். யோசித்துப் போட்ட இவருக்கு ஏறக்குறைய நான்கில் ஒன்று வந்திருக்கிறது. இதைப் பார்த்ததும் தம்பி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "அண்ணா, அப்போ இந்தப் பத்தையும் தொடாம இருந்தாக்கூட இதே மார்க்தானா?" என்றார். அதேதான்.

4. எந்த வகையை எடுப்பது, எதை விடுவது

பட்டியலில் 'சரி' என்ற பத்தியை மட்டும் பார்த்தால் ரீடிங்தான் இவருடைய பலம் போலத் தெரியும். நிமிடத்தோடு சேர்த்துப் பாருங்கள். ரீடிங் 45 நிமிடம் தின்று 10 கொடுத்திருக்கிறது. குளோஸ் டெஸ்ட் அதே 10-ஐ 15 நிமிடத்தில் கொடுத்திருக்கிறது.

இன்னும் வேடிக்கை வேர்ட் ஸ்வாப். ஐந்து கேள்வி தொட்டு நான்கு சரி. இருந்தும் 25-இல் 20-ஐத் தொடவே இல்லை, ஏனென்றால் அது கடைசியில் இருந்தது. முதலில் திறக்கும் பத்தியில் நேரம் போய்விட்டது. எளிதான கேள்விகள் கடைசியில் இருப்பது தெரியாமலேயே மணி அடித்துவிடும்.

ஆகவே முடிவு இப்படி. குளோஸ் டெஸ்டும் வேர்ட் ஸ்வாப்பும் முழுதாக எடுக்க வேண்டியவை. ரீடிங்கில் சில கேள்விகள் மட்டும். எர்ரர் ஸ்பாட்டிங்கில் மூன்று விதிகளை மட்டும் படித்து, அந்த விதியில் விழும் கேள்விகளை மட்டும் தொடுவது. பாரா ஜம்பிளை விட்டுவிடுவது. அதில் ஒரு இணைப்பு தவறினால் அந்தத் தொகுப்பின் பல விடைகள் சேர்ந்து தவறாகும் என்பதால், கோட்டுக்கு அருகில் நிற்பவருக்கு அது ஆபத்தான வகை.

உங்கள் பட்டியல் வேறு மாதிரி வரலாம். ரீடிங்கில் கை ஓடும், குளோஸில் திணறும் ஆட்களும் இருக்கிறார்கள். எடுத்த முடிவை நகலெடுக்காதீர்கள், கூட்டுத்தொகையை எடுங்கள்.

5. ஆறு வாரத்தில் படிக்க வேண்டியது மிகக் கொஞ்சம்

*வேர்ட் ஸ்வாப்.* இதற்கு வார்த்தை வளம் அவ்வளவாக வேண்டாம், எந்த இடத்தில் பெயர்ச்சொல் வரும், எங்கே வினை வரும் என்று தெரிந்தால் பாதி வேலை முடியும். 'தி மேனேஜர் லோன் தி அப்ரூவ்ட் ஆஃப்டர் செக்கிங் தி டாக்குமெண்ட்ஸ்' என்று வருகிறது. மேனேஜர் என்ற எழுவாய்க்கு அடுத்து வினை வர வேண்டும், இருப்பது லோன் என்ற பெயர். 'தி'-க்குப் பின் பெயர் வர வேண்டும், இருப்பது அப்ரூவ்ட் என்ற வினை. இரண்டையும் மாற்றினால் வாக்கியம் நிமிர்ந்துவிடும். அர்த்தத்தை முழுதாகப் பிடிக்காமலே விடை வந்துவிட்டது. இரண்டுமே பெயர்ச்சொல்லாக இருந்து மாறியிருந்தால் மட்டும் அர்த்தம் பார்த்தாக வேண்டும்.

*எர்ரர் ஸ்பாட்டிங்.* தமிழில் யோசித்து ஆங்கிலம் எழுதுபவர்களுக்கு மூன்று இடத்தில் காது பொய் சொல்லும். முதலாவது, எழுவாயும் வினையும் தள்ளித் தள்ளி இருப்பது. 'தி லிஸ்ட் ஆஃப் கேண்டிடேட்ஸ் ஆர் ரெடி' என்று கேட்டால் தப்பே தெரியாது, ஏனென்றால் வினைக்குப் பக்கத்தில் கேண்டிடேட்ஸ் என்ற பன்மை இருக்கிறது. எழுவாய் லிஸ்ட், ஆகவே 'இஸ்'. இரண்டாவது, 'ஒன் ஆஃப் தி' என்று ஆரம்பித்தால் அடுத்த பெயர் பன்மை, வினை ஒருமை. மூன்றாவது, நம் 'பற்றி' செய்யும் வேலை. 'அதைப் பற்றி விவாதித்தோம்' என்பதால் 'டிஸ்கஸ்ட் அபௌட்' நமக்குச் சரியாகவே ஒலிக்கும், ஆனால் ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்'-க்குப் பின் 'அபௌட்' வராது. இந்த மாதிரி வினை, இடைச்சொல் ஜோடிகளை மாக்கில் தப்பாகப் போடும்போதெல்லாம் நோட்டில் எழுதி வையுங்கள். ஆறு வாரத்தில் ஐம்பது சேர்ந்தால் போதும்.

*குளோஸ் டெஸ்ட்.* கோடிட்ட இடங்களை வரிசையாக நிரப்பாதீர்கள். பத்தியை ஒரு முறை முழுதாகப் படித்துவிட்டு, இடைச்சொல்லும் வினை வடிவமும் கேட்கும் இடங்களை முதலில் நிரப்புங்கள். அவற்றுக்கு இலக்கணமே விடை சொல்லும். அவை நிரம்பியபின் மீதி இடங்களில் அர்த்தம் தானாகத் தெளியும்.

*ரீடிங்.* பத்தியை ஒரே முறை, மூன்று நிமிடத்தில் படியுங்கள். அப்புறம் தடித்த எழுத்துச் சொல்லுக்குப் பொருள், எதிர்ப்பதம் கேட்பவை, 'பத்தியின்படி' என்று நேராகக் கேட்பவை ஆகியவற்றை மட்டும் எடுங்கள். தலைப்பு என்ன, ஆசிரியரின் தொனி என்ன என்பவற்றை விடுங்கள். அவற்றுக்கு இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கும், நேரம் போவது அங்கேதான்.

இதற்கெல்லாம் ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். அதற்கு மேல் வேண்டாம், காரணத்தை ஏழாவதில் சொல்கிறேன்.

6. இருபது நிமிடத்தை எப்படி நடத்துவது

அந்த செக்ஷனுக்குள் எந்தக் கேள்விக்கும் தாவலாம். திரையில் வலப்பக்கம் இருக்கும் எண்களைத் தட்டினால் போதும். முதல் அரை நிமிடம் விடையே போடாமல், எந்த வகை எந்த எண்ணில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் பார்த்துத் தாளில் எழுதுங்கள். அவசரத்தில் இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். இந்த அரை நிமிடம் இல்லையென்றால் மறுபடி முதல் பத்தியிலேயே போய் விழுவீர்கள்.

தம்பிக்கு வைத்த வரிசை: வேர்ட் ஸ்வாப் நான்கு நிமிடம், குளோஸ் டெஸ்ட் நான்கு, எர்ரர் ஸ்பாட்டிங் மூன்று, ரீடிங் ஏழு. மிச்சம் இருப்பது பார்வையிடவும் சந்தேகக் கேள்விகளுக்கும். ரீடிங்கைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது எவ்வளவு நேரம் கொடுத்தாலும் விழுங்கும். கடைசியில் வைத்தால் மணி அடித்து அதுவே நின்றுவிடும், மற்றவை தப்பிக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆளைக் கவிழ்ப்பது: விடையைத் தட்டிவிட்டு `Save & Next` அழுத்தாமல் வேறு எண்ணுக்குத் தாவினால் அந்த விடை பதிவாகாது. வரிசையாகப் போடும்வரை இது பிரச்சினை இல்லை. இப்போது நாம் தாவித் தாவிப் போடப் போகிறோம், ஆகவே மாக்கிலேயே விரல் பழக வேண்டும்.

அப்புறம் ஊகம். ஐந்து விடைகளில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் போட்டால் சராசரியில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. ஐந்து முறை போட்டால் ஒன்று சரி, நான்கு தவறு: ஒன்றிலிருந்து நான்கு கால் போனால் பூஜ்யம். இரண்டு விடைகளில் ஒன்று என்ற அளவுக்குக் குறுக்கிவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் சராசரி 0.375 லாபம். ஆகவே மூன்று விடைகளைக் காரணத்தோடு அடிக்க முடிந்தால் போடுங்கள். ஒன்றைக்கூட அடிக்க முடியாததை விடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கடைசி ஒரு நிமிடத்தில் தாளைப் பார்க்கிறீர்கள், டிக் ஒன்பதுதான் இருக்கிறது. இலக்கை எட்ட வழியே இல்லை. அப்போது குருட்டு ஊகமும் போடலாம். 1 குறைந்து போவதும் 3 குறைந்து போவதும் நமக்கு ஒன்றுதான், மேலே ஏற ஒரு வாய்ப்பாவது இருக்கும். மாறாக டிக் பதினைந்து இருந்தால் சந்தேகத்தில் கைவைக்காதீர்கள். நம் ஆட்கள் இதைச் சரியாகத் தலைகீழாகச் செய்வார்கள்: நன்றாகப் போன தேர்வில் தைரியம் வந்து எட்டு ஊகம், மோசமாகப் போனதில் பயந்து பூஜ்யம்.

7. பலமான செக்ஷன்களுக்குக் காவல்

தம்பிக்கு ஆரம்பத்தில் கணக்கு 29, ரீசனிங் 31. ஆங்கிலம் 6-உடன் மொத்தம் 66. ஆங்கிலம் 13 ஆனால் மொத்தம் 73. கணக்கிலும் ரீசனிங்கிலும் மூன்று மூன்றாகக் குறைந்தால் 67. ஆறு வாரம் உழைத்து மொத்தத்தில் ஒரே ஒரு மதிப்பெண் கூடியிருக்கும், மொத்தக் கட்-ஆஃபில் போய் இடிப்பீர்கள்.

எனவே ஆங்கிலத்தைத் தொடும் முன் இந்த இரண்டின் ஐந்து மாக் சராசரியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் கணக்கு 20 நிமிடம், அடுத்த நாள் ரீசனிங் 20 நிமிடம், கடிகாரம் வைத்து முழு செக்ஷன் தேர்வு. அடுத்தடுத்த இரண்டு தேர்வின் சராசரி, முதல் பக்கத்து எண்ணைவிட 3 குறைந்தால் ஆங்கில நேரத்தை அரை மணி வெட்டி அங்கே கொடுங்கள், எண் திரும்பி வரும்வரை.

தம்பிக்கு மூன்றாவது வாரம் கணக்கு 25, 26 என்று வந்தது. எந்தப் பாடமும் மறந்துபோகவில்லை. தவறுகளும் கூடவில்லை, போட்ட கேள்விகள்தான் குறைந்திருந்தன. பலமான பாடத்தில் பயிற்சி நின்றால் முதலில் போவது வேகம், அறிவு அல்ல. விசாரித்ததில், தினம் காலையில் செய்துகொண்டிருந்த சிம்ப்ளிஃபிகேஷன் பயிற்சியை ஆங்கிலத்துக்காக நிறுத்தியிருக்கிறார். அந்தப் பதினைந்து நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்ததும் அடுத்த வாரம் 28, 29 என்று நிமிர்ந்தது. பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க உட்கார்ந்திருந்தால் வீண் வேலையாகியிருக்கும்.

அறைக்குள் நடக்கும் நட்டம் வேறு மாதிரி. பெரும்பாலும் ஆங்கிலம்தான் முதல் செக்ஷன். அது சரியாகப் போகவில்லை என்ற எண்ணத்தில், அடுத்ததில் ஈடுகட்டுகிறேன் என்று 35-க்கு 35 போடப் பார்ப்பார்கள். வழக்கமாக 31 போட்டு 29 எடுப்பவர் அன்று 35 போட்டு 26-இல் நிற்பார். செக்ஷன் கட்-ஆஃப் உள்ள தேர்வில் ஒன்றின் குறையை இன்னொன்று ஈடுகட்டவே முடியாது. இதைப் பழக, சில மாக்குகளில் வேண்டுமென்றே கடினமான ஆங்கிலத் தாளை முதலில் எழுதிவிட்டு, இடைவெளி இல்லாமல் உங்கள் வழக்கமான கணக்குத் தாளை எழுதுங்கள். கணக்கு எத்தனை குறைகிறது என்று பாருங்கள். நான்கைந்து முறைக்குப் பின் அது குறைவது நின்றுவிடும்.

8. இலக்கைத் தொட்டபின் கையை எடுங்கள்

ஐந்தாவது வாரக் கடைசியில் தம்பியின் சராசரி இப்படி வந்தது: 17 கேள்வி, 14 சரி, 3 தவறு, 13.25. முன்பு 18 போட்டு 6 எடுத்தவர். போட்டது ஒன்று குறைந்தது, எடுத்தது இரண்டு மடங்குக்கு மேல்.

அடுத்த மாக்கில் 24 கேள்வி போட்டுவிட்டு 10.25-உடன் வந்து நின்றார். கேட்டால், "வருதேன்னு போட்டுட்டேண்ணா." இந்தத் தடுமாற்றம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரு முறை வரும். தொடர்ந்து மூன்று மாக்கில் இலக்கு வந்துவிட்டால் ஆங்கிலத்தை நாளுக்கு நாற்பது நிமிடமாகக் குறைத்து, புதிதாக எதையும் சேர்க்காமல் அதே வரிசையை ஓட்டுங்கள். மிச்ச நேரம் முழுக்கக் கணக்குக்கும் ரீசனிங்குக்கும்.

நான்கு வாரம் கழிந்தும் எண் அசையவில்லை என்றால் டிக் போட்ட கேள்விகளைப் பாருங்கள். அவற்றில் பத்துக்கு எட்டாவது சரியாக இருந்து, எண்ணிக்கை மட்டும் குறைவு என்றால் வேகம்தான் குறை, அதே வகைகளில் பயிற்சியைக் கூட்டினால் போதும். டிக் போட்டவையே பாதி தவறு என்றால் தெரிந்ததாக நினைக்கும் விதியே தவறாக மனதில் இருக்கிறது. அப்போது மாக் எழுதுவதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, தவறாகப் போன டிக் கேள்விகளை மட்டும் ஒவ்வொன்றாக, எந்த விதியை நினைத்துப் போட்டோம் என்று எழுதிப் பாருங்கள். அலுப்பான வேலைதான், வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை.

தம்பிக்கு ஸ்கோர் கார்டில் ஆங்கிலம் 12.50 என்று வந்தது, அவர் அறையிலிருந்து கணக்குப் போட்டு வந்ததைவிட முக்கால் மதிப்பெண் குறைவு. கணக்கும் ரீசனிங்கும் சேர்ந்து 59. செக்ஷன், மொத்தம் இரண்டு கோடுகளையும் தாண்டினார். இலக்கை 10-லேயே வைத்திருந்தால் அந்த முக்கால் அவரை வெளியே தள்ளியிருக்கும்.

மெயின்ஸில் இதே உத்தியை அப்படியே கொண்டுபோகாதீர்கள். அங்கேயும் செக்ஷன் கட்-ஆஃப் உண்டு, ஆனால் அந்த மதிப்பெண்தான் இறுதிப் பட்டியலை முடிவு செய்கிறது. ரீடிங் நீளமாகவும் கடினமாகவும் வரும், விட்டுவைத்த பாரா ஜம்பிளையும் எடுக்க வேண்டியிருக்கும். பிரிலிம்ஸ் எழுதிய மறுநாளே, முடிவுக்காகக் காத்திருக்காமல், மூன்றாவது படியிலிருந்து மெயின்ஸ் தாளுக்குப் புதிய பட்டியலைப் போடத் தொடங்குங்கள்.